திங்கட்கிழமை திறக்காத டேலி

திருப்பூரில் 12 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம். ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "டேலி திறக்க மாட்டேங்குதுங்க. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் என்னமோ எழுத்து ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா. நான் போவதற்குள் எந்தக் கணினியையும் தொட வேண்டாம், நெட்வொர்க் கேபிள்களை மட்டும் பிடுங்கி விடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் கிடந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்கும் சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தேன். எல்லாமே ஞாயிறு அதிகாலை 1.40க்கும் 3.15க்கும் இடையில். அலுவலகம் பூட்டிக் கிடந்த நேரம். ரேன்சம்வேர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

முதலாளி பதறவில்லை. "தினமும் பேக்கப் ஓடுதுங்களே தம்பி. அதை எடுத்துப் போட்டா சரியாயிடும்" என்றார். அவர் சொன்னது உண்மை. சர்வராகப் பயன்பட்ட கணினியின் பின்னால் ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் இரண்டு வருடமாகச் செருகியே இருந்தது. தினமும் இரவு 11 மணிக்கு எல்லாம் அதில் நகலாகும். ஆனால் செருகியிருக்கும் டிஸ்க் கணினியைப் பொறுத்தவரை இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். சி டிரைவைப் பூட்டிய அதே நிரல் அதையும் பூட்டிவிட்டுப் போயிருந்தது.

கடைசியில் கை கொடுத்தது, தணிக்கைக்காக ஆடிட்டர் அலுவலகம் வாங்கி வைத்திருந்த ஒரு பென் டிரைவ். மார்ச் 31 வரையிலான கணக்கு அதில் இருந்தது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதக் கணக்கு எங்கும் இல்லை.

அலுவலக நிர்வாகிகளிடம் ஐடி பட்ஜெட் பேசும்போது இந்த ஒரு சம்பவத்தைத்தான் நான் விரித்துச் சொல்கிறேன். பாதுகாப்புக்கு எவ்வளவு, பேக்கப்புக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை விலைப்பட்டியலில் கிடைப்பதில்லை. அன்றைக்கு அந்த அலுவலகம் என்னவெல்லாம் கொடுத்தது என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால்தான் கிடைக்கும்.

முதல் நான்கு நாள் எந்த வேலையும் ஓடவில்லை. மாதச் சம்பளம் 3 லட்சம், வாடகை 40,000. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 13,000 ரூபாய். நான்கு நாளுக்கு 52,000. பிறகு ஐந்து மாதப் பதிவுகளை மறுபடி ஏற்ற இரண்டு பேரை 18,000 சம்பளத்தில் இரண்டு மாதம் வைத்தார்கள். அது 72,000. கணினிகளை அழித்து விண்டோஸ் முதல் புதிதாக நிறுவியதற்கு 15,000. ஆக 1,39,000 ரூபாய்.

இது எண்ணிச் சொல்லக்கூடிய பகுதி மட்டும். விற்பனைப் பில்களை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1லிருந்து எடுத்தோம். நூல், துணிக் கொள்முதலை 2பி அறிக்கையிலிருந்து எடுத்தோம். வரவு செலவை வங்கி ஸ்டேட்மென்டிலிருந்து கட்டினோம். அரசாங்கத்திடமும் வங்கியிடமும் போனதெல்லாம் திரும்பக் கிடைத்தது. அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது கிடைக்கவில்லை. எந்த ஸ்டைலுக்கு என்ன காஸ்டிங் போட்டோம், எந்தப் பவர்டேபிள் யூனிட்டிடம் எத்தனை பீஸ் நிலுவையில் நிற்கிறது, ரொக்கமாகக் கொடுத்த முன்பணம் யார் யாரிடம் என்பதெல்லாம் எக்ஸெல்லில் மட்டுமே இருந்தவை. ஜாப் ஒர்க் செய்பவர்கள் சொன்ன நிலுவையை அப்படியே ஏற்க வேண்டியதாயிற்று. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய்தான். ஆனால் ஏற்றுமதியாளருக்கு வர வேண்டிய ரீஃபண்டு இரண்டு மாதம் தள்ளிப்போனது. அந்த வலியை நான் தொகையாக எழுதவில்லை.

உள்ளே எப்படி வந்தார்கள்? விண்டோஸ் தன் பதிவேட்டில் ஒவ்வொரு உள்நுழைவு முயற்சியையும் எழுதி வைக்கும். தவறான பாஸ்வேர்டுக்கு 4625, சரியான பாஸ்வேர்டுக்கு 4624 என்று எண் கொடுக்கும். அந்தச் சர்வரில் வாரக்கணக்கில் ஆயிரக்கணக்கான 4625. சனி நள்ளிரவு தாண்டி, தெரியாத முகவரியிலிருந்து ஒரே ஒரு 4624. 2020 ஊரடங்கின்போது முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று கேட்க, அப்போது கணினி பார்த்தவர் ரூட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து வைத்திருந்தார். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசல் அது. ஊரடங்கு முடிந்தது, வாசல் மூடப்படவில்லை. இணையத்தில் இப்படித் திறந்து கிடக்கும் வாசல்களை நாள் முழுக்கத் தேடும் நிரல்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் திருப்பூர் அலுவலகம் என்றோ பெரிய வங்கி என்றோ தெரியாது. கம்பெனி பெயரும் 123ம் சேர்ந்த பாஸ்வேர்டு, என்றைக்காவது ஒருநாள் பொருந்திவிட்டது.

அந்தப் போர்ட்டை மூட ஆன செலவு பூஜ்யம். இதைக் கேட்டதும் முதலாளி வெகு நேரம் பேசவில்லை.

பட்ஜெட்டில் பாதுகாப்பு என்ற தலைப்பில் முதலில் எழுத வேண்டியவை பணம் கேட்காத வேலைகள்தான். தேவையில்லாத வாசலை மூடுவது, மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் பாஸ்வேர்டோடு கைபேசிக் குறியீட்டையும் கேட்க வைப்பது, தினசரி வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்கைப் பயன்படுத்துவது, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காமல் விடுவது. 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை எந்த ஓட்டையில் நுழைந்ததோ, அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ல் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இதே காரணத்தால் 2025 அக்டோபர் 14ல் வழக்கமான ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 10 கணினிகளைப் பட்டியலிட்டு, எவற்றை மேம்படுத்த முடியும், எவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்று பிரித்து வைக்க வேண்டும். அது தனிச் செலவு. பேக்கப் கணக்கோடு அதைக் குழப்பாமல் கணினி மாற்றும் செலவில் எழுதுவது நல்லது.

அடுத்துத்தான் பேக்கப். ஒரு வாரம் கழித்து முதலாளியும் நானும் உட்கார்ந்தோம். நான் இரண்டே கேள்வி கேட்டேன். மறுபடி நடந்தால் எத்தனை நாள் வேலையைத் திரும்பச் செய்யத் தாங்குவீர்கள்? எத்தனை நாள் அலுவலகம் நின்றால் தாங்குவீர்கள்?

"ஒரு நிமிஷங்கூட நிக்கக் கூடாது தம்பி."

"அப்படின்னா இதே மாதிரி இன்னொரு சர்வர் பக்கத்துலயே எப்பவும் தயாரா ஓடணுங்கண்ணா. மெஷின், லைசென்ஸ், பராமரிப்பு எல்லாம் சேர்த்து முதல் வருஷமே மூணு லட்சத்துக்கு மேல போயிரும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரு நாள் நின்னாப் பரவால்லீங்க. ஆனா கணக்கு ஒரு நாளைக்கு மேல போகக் கூடாது."

இந்தப் பதில்தான் பட்ஜெட். ஒரு நிமிடத்துக்கும் ஒரு நாளுக்கும் நடுவில் சில லட்சம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. அதைத் தொழில் தெரிந்த முதலாளிதான் முடிவு செய்ய முடியும், கணினி பார்ப்பவர் முடிவு செய்யக் கூடாது. எல்லாத் தகவலுக்கும் ஒரே பதிலும் தேவையில்லை. டேலிக்கு ஒரு நாள் என்றார். மெர்ச்சண்டைசர் வைத்திருக்கும் டிசைன் படங்களுக்கு ஒரு வாரம் போதும், ஏனென்றால் பையரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கலாம். பழைய வருடக் கண்காட்சிப் புகைப்படங்கள் போனால் போகட்டும். மொத்தம் 900 ஜிபி என்று நினைத்தது, உண்மையில் காக்க வேண்டியது 300 ஜிபி என்று குறைந்தது.

இந்த 300 ஜிபிக்கு என்ன ஏற்பாடு? பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், படங்களைப் பத்திரப்படுத்துவது பற்றி எழுதியபோது சொன்ன 3-2-1 வழிமுறை இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. வேலை செய்யும் பிரதியோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு இடத்தில். ரேன்சம்வேர் வந்த பிறகு இதோடு நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு பிரதியாவது எந்தக் கம்பியோடும் இணையாமல் இருக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்வேன். 2017 ஜூன் 27ல் நாட்பெட்யா என்ற தாக்குதலில் அதன் கணினிகள் உலகெங்கும் அழிந்தன. ஊழியர்களின் உள்நுழைவு விவரங்களை வைத்திருக்கும் சர்வர்கள் சுமார் 150 இருந்தன. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார்கள். அதனாலேயே எல்லாம் சேர்ந்து போயின. கானா நாட்டில் ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது. அந்த ஒற்றைப் பிரதியைக் கையிலேயே லண்டன் பக்கம் கொண்டுபோய்த்தான் நிறுவனத்தை மறுபடி கட்டினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே அறிவித்தது.

நம் அலுவலகத்தில் கரண்ட் போவதை நம்பி இருக்க வேண்டாமே. 2 டிபி கொள்ளளவுள்ள இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கினோம். ஒன்றில் சிவப்பு டேப், இன்னொன்றில் பச்சை டேப். மாலை 5.30க்கு அக்கா டேலியை மூடச் சொல்லிவிட்டு டிஸ்க்கைச் செருகுவார், நகல் முடிந்ததும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவார். சனிக்கிழமை முதலாளி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், மற்றதைக் கொண்டுவருவார். இரண்டு டிஸ்க்குக்கும் பாஸ்வேர்டு பூட்டு உண்டு, வழியில் தொலைந்தால் கணக்கு அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது. அந்தப் பாஸ்வேர்டு காகிதத்தில் எழுதி வங்கி லாக்கரில் இருக்கிறது. இரண்டும் சேர்த்து 14,000 ரூபாய். நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 3,500.

மூன்றாவதாக ஒரு கிளவுட் பேக்கப், மாதம் 1,500, வருடம் 18,000. இங்கேதான் பலரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: கூகுள் டிரைவில்தான் எல்லாம் இருக்கிறதே, தனியாக எதற்கு? டிரைவ் ஒத்திசைக்கும் கருவி. கணினியில் மாறியதை மேலேயும் மாற்றும். அந்த ஞாயிறு அதிகாலை பூட்டப்பட்ட கோப்புகளை அது ஒழுங்காக மேலே ஏற்றிவிட்டு, பழையவற்றைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பியிருந்தது. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். நாங்கள் உடனே பார்த்ததால் மெர்ச்சண்டைசரின் படங்கள் மட்டும் அங்கிருந்து பிழைத்தன. டேலி ஃபோல்டர் டிரைவில் இல்லவே இல்லை. பேக்கப் என்று விற்கப்படும் சேவையில் நீங்கள் கேட்க வேண்டியது, பழைய பிரதிகளைக் குறைந்தது 30 நாளைக்கு யாராலும், பாஸ்வேர்டு தெரிந்தவராலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா என்பது. பெரிய சேவைகளில் இருக்கிறது, ஆனால் கேட்டு இயக்க வேண்டும்.

கிளவுட்டின் எல்லையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 300 ஜிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலே 6 மணி 40 நிமிடம். நடைமுறையில் ஒரு நாள் ஆகிவிடும். முதல்முறை ஏற்றும்போது மேலே போகும் வேகம் 20தான் என்றால் 33 மணி நேரம், அதனால் நான்கைந்து இரவுகளில் பிரித்து ஏற்றினோம். டிஸ்க்கிலிருந்து அதே அளவு ஒரு மணி நேரம் சொச்சத்தில் திரும்பிவிடும். ஆகவே மறுநாளே வேலை தொடங்க டிஸ்க், கட்டடமே தீப்பிடித்தால் கிளவுட். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று வெட்டிவிடக் கூடாது.

வீட்டிலிருந்து பாதுகாப்பாக டேலி பார்க்க விபிஎன் வசதியுள்ள ரூட்டர் 12,000, வருடத்துக்கு 3,000. 12 கணினிகளுக்கு ஆன்டிவைரஸ் 12,000. கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் அரை நாள் வேலைக்கு 2,500, வருடத்துக்கு 10,000. கூட்டினால் வருடம் 46,500. இவை அந்த அலுவலகத்துக்குக் கிடைத்த விலைகள், உங்களுக்கு மாறும்.

1,39,000ஐ 46,500ஆல் வகுத்தால் மூன்று. அதாவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படி நடந்தால்தான் செலவும் நஷ்டமும் சரிக்குச் சரி. "அவ்வளவு அடிக்கடி நடக்குமா?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. ரேன்சம்வேர் மட்டும் என்றால் நடக்காமலும் போகலாம். ஆனால் அதே இரண்டு டிஸ்க், சர்வரின் ஹார்டு டிஸ்க் செத்தாலும், யாராவது தவறுதலாக ஃபோல்டரை அழித்தாலும், கணினி திருடு போனாலும் உதவுகிறது. ஐந்து வயதான ஹார்டு டிஸ்க் சாவது அபூர்வமல்ல, நான் வருடத்துக்குச் சிலவற்றைப் பார்க்கிறேன்.

அப்படியும் குறைக்கத்தான் வேண்டும் என்றால் எதை வெட்டுவது? நான் முதலில் ஆன்டிவைரஸ் சந்தாவை வெட்டுவேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர், அப்டேட்டும் சாதாரணப் பயனர் கணக்கும் சேர்ந்தால் இந்த அளவு அலுவலகத்துக்குப் போதும். கடைசிவரை வெட்டாமல் வைப்பது அந்த 10,000 ரூபாய்ச் சோதனை. பட்ஜெட் கூட்டங்களில் முதலில் அடிபடுவது அதுதான், ஏனென்றால் அதற்குப் பொருளாக எதுவும் வீட்டுக்கு வருவதில்லை.

சோதனை என்றால் இதுதான். நெட்வொர்க்கில் இல்லாத ஒரு கணினியில் டிஸ்க்கைச் செருகி, டேலி கம்பெனியைத் திரும்ப ஏற்ற வேண்டும். முந்தைய நாள் தேதியில் மூன்று லெட்ஜர்களின் இருப்பை, ஓடிக்கொண்டிருக்கும் டேலியோடு ஒப்பிட வேண்டும். எக்ஸெல் கோப்புகளில் ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும்.

டிசம்பரில் முதல் சோதனை. பேக்கப் மென்பொருள் தினமும் பச்சை டிக் காட்டிக்கொண்டிருந்தது. திரும்ப ஏற்றினால் கணக்கு நவம்பர் 14ல் நின்றுவிட்டது. அன்றைக்கு டேலியைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது டேட்டா ஃபோல்டர் வேறு இடத்துக்குப் போயிருந்தது. பேக்கப் யாரும் தொடாத பழைய ஃபோல்டரை ஒவ்வொரு நாளும் தவறாமல் நகல் எடுத்திருந்தது. பிழை என்று சொல்ல அதற்குக் காரணமே இல்லை, கேட்டதை அது செய்தது. அன்றைக்கு இன்னொரு தாக்குதல் வந்திருந்தால் ஒரு மாதக் கணக்கு போயிருக்கும். அந்த ஒரு சோதனை 2,500 ரூபாய்.

உங்கள் அலுவலகம் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இதில் சட்டமும் இருக்கிறது. கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிகள் கணக்கு விதி திருத்தப்பட்டது. உங்கள் கிளவுட் சேவை எந்த நாட்டில் வைக்கிறது என்று ஆடிட்டர் கேட்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். கம்பெனியோ கூட்டு நிறுவனமோ, தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. அந்த மின்னஞ்சல் முகவரியைச் சுவரில் ஒட்டி வையுங்கள், அன்று காலை அதைத் தேட யாருக்கும் நிதானம் இருக்காது.

பேக்கப் காப்பாற்றாத ஒன்றும் உண்டு. பையர் பெயரில் அல்லது நூல் மில் பெயரில், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள் என்று வரும் மின்னஞ்சல். அதற்கு மென்பொருள் வாங்க வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்டபிறகே பணம் அனுப்புவது என்று விதி வைத்தால் போதும். அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும்.

மார்ச் மாதச் சோதனைக்கு நான் போனபோது அக்காவே சிவப்பு டிஸ்க்கைச் செருகி ஆரம்பித்திருந்தார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதி, மூன்று லெட்ஜர் இருப்பு, அவற்றுக்கு எதிரே டிக். கீழே நேரம்: 1 மணி 50 நிமிடம். டிசம்பரில் 4 மணி ஆகியிருந்தது. "அடுத்த தடவ பச்சை டிஸ்க்குங்களா?" என்று கேட்டார்.